பகா எண்களின் தொகையும் இயல் மடக்கையும்

1 என்னும் எண்ணிலிருந்து தொடங்கி ஒரு பெரிய எல்லை வரையில் எத்தனை பகா எண்கள் உள்ளன என்னும் வினாவுக்கு, அவற்றை ஒவ்வொன்றாகச் சல்லடையிட்டு எண்ணிப் பார்க்காமலே ஏறத்தாழ விடை கூற இயலுமா என்று கேட்டால், இயலும் என்பதே கணித சாஸ்திரம் தரும் மறுமொழி. எல்லையாகக் கொண்ட எண்ணை x என்று வைத்துக்கொண்டு, அதனை அதன் இயல் மடக்கையாகிய ln x என்பதால் வகுத்தால் கிடைக்கும் ஈவே அவ்விடை. π(x) என்னும் குறி x வரையுள்ள பகா எண்களின் தொகையைச் சுட்டுமாயின், π(x)-க்கும் x/ln x-க்கும் உள்ள விகிதம் x வளர வளர 1 என்னும் எண்ணை அணுகிக்கொண்டே செல்கிறது. இதற்குப் பகா எண் தேற்றம் என்று பெயர். இவ்விதி எவ்வளவு சரியானது, எங்கே தவறுகிறது, அத்தவற்றுக்குக் காரணம் யாது, அதனைத் திருத்தும் வழி யாது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பத்து லட்சத்தை எடுத்துக்கொள்வோம். 10-இன் இயல் மடக்கை 2.302585, பத்து லட்சம் என்பது பத்தை ஆறு முறை பெருக்கியதாகலின் அதன் இயல் மடக்கை 13.8155. பத்து லட்சத்தை இதனால் வகுத்தால் 72,382 கிடைக்கிறது. பத்து லட்சம் வரை உண்மையில் உள்ள பகா எண்கள் 78,498. ஈவு, உண்மையினும் 6,116 குறைந்து நிற்கிறது. அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய 7.8 பங்கு குறைவு. இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை கூறுவது அவசியம். பள்ளியில் பயிலும் பத்தடிமான மடக்கையை இங்கே கையாளலாகாது. அதனைக் கையாண்டால் வகுக்கும் எண் 6 ஆகி, ஈவு 1,66,667 என்று வந்துவிடும். அது தவறென்று கண்டுகொள்ளப் பெரிய ஆராய்ச்சி வேண்டுவதில்லை. ஆறில் ஒன்று பகா எண் என்பது அதன் பொருள். 100 வரையிலேயே பகா எண்கள் 25 தாம், நான்கில் ஒன்று. மேலே செல்லச் செல்ல அவை அருகிக்கொண்டே போகின்றனவாதலால், பத்து லட்சத்தின் எல்லையிலும் ஆறில் ஒன்று நீடிக்கும் என்பது நம்பத்தக்கதன்று.

பகா எண்கள் வரும் முறையை அருகிலிருந்து பார்ப்பவர்க்கு, இத்தகைய எளிய விதி ஒன்று அவற்றை ஆள்கிறது என்பது வியப்பாகவே தோன்றும். ஒரு கோடிக்குச் சற்று முன்னதாக உள்ள நூறு எண்களை, அதாவது 99,99,900 முதல் ஒரு கோடி வரையுள்ளவற்றை எடுத்துக்கொண்டால், அவற்றுள் ஒன்பது பகா எண்கள் இருக்கின்றன. ஒரு கோடிக்கு அடுத்த நூற்றிலோ 1,00,00,019, 1,00,00,079 என இரண்டே இரண்டு. ஒரு கோடியின் இயல் மடக்கை 16.118 ஆகையால், அங்கே நூற்றுக்கு ஆறு பகா எண்களுக்குச் சற்று மேல் இருத்தல் வேண்டும் என்று விதி கூறுகிறது. ஒரு நூறு அதனினும் மிகுந்தும், அதனையடுத்த நூறு மிகக் குறைந்தும் நிற்கின்றன. ஆகவே இவ்விதி ஒரு சிறிய இடைவெளிக்குள் என்ன நிகழும் என்று முன்கூட்டிச் சொல்லும் விதியன்று. நெடுந்தொலைவு கூட்டிப் பார்க்கும்போது மிகுதியும் குறைவும் ஒன்றையொன்று ஈடுசெய்து நிற்கும் சராசரியைக் கூறும் விதியாகும். இதனை மறந்து சிறிய இடைவெளிகளில் இவ்விதியைச் சோதித்து, பொய்த்தது என்று முடிவு கட்டுவோர் விதியின்மேல் அது ஏற்காத பாரத்தைச் சுமத்துகின்றனர்.

இவ்விதியை முதலில் உணர்ந்தவர் ஜெர்மானியக் கணித மேதை காஸ். 1792 அல்லது 1793-ஆம் ஆண்டில், பதினைந்து வயதை ஒட்டிய பருவத்தில், மடக்கை அட்டவணையையும் பகா எண் அட்டவணையையும் ஒப்பிட்டுப் பார்த்து, t என்னும் எண்ணின் அருகே பகா எண்களின் அடர்த்தி 1/ln t என்று அவர் கண்டுகொண்டார். ஆயினும் இதனை அவர் அச்சில் வெளியிடவில்லை. என்கே என்னும் வான நூலறிஞருக்கு 1849-ஆம் ஆண்டு டிசம்பரில் எழுதிய கடிதத்தில்தான், ஓய்வாகக் கிடைத்த கால்மணி நேரங்களிலெல்லாம் ஆயிரம் ஆயிரமாக எண்களை எடுத்துப் பகா எண்களை எண்ணி வந்த தம் பழக்கத்தைப் பற்றி விவரித்திருக்கிறார். இதற்கிடையில் பிரான்சில் லெஜாந்தர் என்பார் தம் எண் கோட்பாட்டு நூலில் இதே பொருளை வேறு வடிவில் வெளியிட்டார். 1808-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அவர் கூறிய சூத்திரம் x/(ln x − 1.08366) என்பதாகும். மடக்கையிலிருந்து கழிக்கப்படும் இந்த விசித்திரமான எண்ணைப் பற்றிப் பின்னர் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

பெருக்கலைத் தவிர வேறொன்றையும் அறியாத பகா எண்களின் நடுவே மடக்கை எவ்வாறு புகுந்தது என்பதே நாம் முதலில் தெளிய வேண்டிய பொருள். 1 முதல் n வரையுள்ள எண்கள் அனைத்தையும் பெருக்கிவரும் பெருக்கற்பலனைக் கருதுவோம். அதனுடைய மடக்கையை இருவகையாகக் கணக்கிடலாம். ஒரு வகையில் பார்த்தால், அப்பெருக்கற்பலனில் n காரணிகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவற்றின் மடக்கை ln n-க்கு அருகிலேயே இருப்பதால், மொத்தம் ஏறக்குறைய n ln n. மற்றொரு வகையில், அதே பெருக்கற்பலனைப் பகா எண்களாகப் பகுத்துப் பார்க்கலாம். n என்பது 100 ஆயின், அதில் 7 எத்தனை முறை வருகிறது? 100-க்குள் 7-இன் மடங்குகள் 14. அவற்றுள் 49-உம் 98-உம் 7-ஐ இன்னொரு முறை தருகின்றன. ஆக 16 முறை. பொதுவாகக் கூறினால், p என்னும் பகா எண் n/p முறையும், அதனினும் சிறிதளவு கூடுதலாகவும் வருகிறது. ஆகவே மொத்த மடக்கை, n வரையுள்ள பகா எண்கள் ஒவ்வொன்றுக்கும் (n/p) ln p என்பதைக் கூட்டிவரும் தொகையாகும். இருவகைக் கணக்கும் ஒன்றையே அளப்பனவாதலால், இரண்டையும் n-ஆல் வகுத்துப் பார்த்தால், n வரையுள்ள பகா எண்களுக்கெல்லாம் (ln p)/p என்பதைக் கூட்டினால் வருவது ஏறக்குறைய ln n என்று தேறுகிறது.

இங்கிருந்து அடர்த்தியை வருவிப்பது எளிது. t என்னும் எண்ணிலிருந்து h என்னும் சிறு தொலைவு மேலே சென்றால், ln t என்பது h/t அளவு வளரும். அத்தொலைவில் பகா எண்களின் அடர்த்தி D என்றால், அங்கே hD பகா எண்கள் புதிதாகச் சேரும். ஒவ்வொன்றும் மேற்கூறிய தொகைக்கு (ln t)/t அளிக்கும். இவ்விரண்டும் சமமாதல் வேண்டுமெனின் D = 1/ln t என்றாக வேண்டும். காஸ் அட்டவணைகளிலிருந்து கண்டெடுத்த விதி இதுவே.

ஆனால் இதனை நிரூபணம் என்று கொண்டுவிடலாகாது. (ln p)/p-களின் தொகை ln n-க்குச் சமம் என்றபோது, ஒரு வரம்புக்குட்பட்ட பிழையை நாம் புறக்கணித்துவிட்டோம். அப்பிழை வரம்புக்குள்ளேயே ஏறியும் இறங்கியும் ஓயாது அலைந்துகொண்டிருக்குமாயின், அடர்த்தியும் அதற்கேற்ப 1/ln t-க்கு மேலும் கீழுமாக என்றென்றும் ஊசலாடக்கூடும். மேற்கூறிய வாதத்தில் அதனைத் தடுக்கும் எதுவும் இல்லை. இத்தொகையைப் பற்றிய செய்தி 1874-இல் மெர்ட்டன்ஸ் என்பவரால் ஐயமற நிறுவப்பட்ட பின்னரும், பகா எண் தேற்றம் மேலும் இருபத்திரண்டு ஆண்டுகள் நிரூபணமின்றியே நின்றதற்குக் காரணம் இந்த இடைவெளிதான்.

ரஷ்ய அறிஞர் செபிஷேவ், இப்பெருக்கற்பலன் வழியை நுட்பமாகக் கையாண்டு, 1850-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இரண்டு உண்மைகளை நிலைநாட்டினார். போதிய அளவு பெரிய எல்லைகளுக்கு, π(x)-ஐ x/ln x-ஆல் வகுத்து வரும் விகிதம் 0.92129-க்கும் 1.10555-க்கும் இடையிலேயே அடங்கும் என்பது ஒன்று. அவ்விகிதம் ஓர் எல்லையை அணுகுமாயின் அவ்வெல்லை 1 ஆகத்தான் இருக்க முடியும் என்பது மற்றொன்று. எல்லை ஒன்று உண்டு என்பதை மட்டும் அவரால் காட்ட இயலவில்லை. அதற்கான வழியை 1859-இல் ரீமன் தம் சிறிய கட்டுரை ஒன்றில் திறந்து வைத்தார். ஜீட்டா சார்பு எனப்படும் சார்பினைக் கலப்பெண்களின் தளத்தில் விரித்து, அது எவ்விடங்களில் சுழியாகிறதோ அவ்விடங்களே பகா எண்களின் ஏற்ற இறக்கங்களை ஆள்கின்றன என்று அவர் காட்டினார். அவ்வழியே சென்று, 1896-இல் பிரான்சில் ஹதமாரும் பெல்ஜியத்தில் டி லா வல்லே பூசானும் ஒருவரையொருவர் சாராமல் தேற்றத்தை முழுமையாக நிரூபித்தனர். கலப்பெண்களின் துணையில்லாத நிரூபணத்தை 1949-இல் செல்பெர்க்கும் ஏர்டோஷும் அளித்தனர்.

தேற்றம் நிரூபணமாகிவிட்டது; எனினும் பத்து லட்சத்தில் நாம் கண்ட 7.8 விழுக்காட்டுக் குறைவு அப்படியே நிற்கிறது. நூறு கோடிக்குச் சென்றால் ஈவு 4,82,54,942. உண்மைத் தொகை 5,08,47,534. குறைவு நூற்றுக்கு 5.1 ஆகச் சுருங்கியிருக்கிறது. ஆயினும் எண்ணிக்கையில் அது 25,92,592 ஆகப் பெருகிவிட்டது. விகிதம் 1-ஐ அணுகுகிறது என்று கேட்டவுடன் வேறுபாடும் மறைந்துவிடும் என்று எண்ணுவது இத்துறையில் புகுவோர் பலர்க்கும் நேரும் மயக்கம். தேற்றம் உறுதி கூறுவது விகிதத்தைப் பற்றித்தான். வேறுபாடோ வரம்பின்றி வளர்ந்துகொண்டே போகிறது.

அன்றியும் இப்பிழை எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. x என்பது 17 அல்லது அதற்கு மேற்பட்டதாயின் x/ln x எப்போதும் உண்மையினும் குறைவே என்று ராஸரும் ஷோன்ஃபெல்டும் 1962-இல் நிறுவியிருக்கின்றனர். இதற்குக் காரணம் சூத்திரத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. x/ln x என்று வகுக்கும்போது, x என்னும் கடைசி எல்லையில் நிலவும் அடர்த்தியாகிய 1/ln x-ஐ, 1 முதல் x வரையுள்ள நெடுந்தொலைவு முழுவதற்கும் பொதுவாக்கிவிடுகிறோம். கடைமடை வயலின் விளைச்சலைக் கொண்டு வாய்க்கால் முழுவதன் விளைச்சலையும் மதிப்பிடுவது போன்றது இது. தொடக்கத்தில் பகா எண்கள் செறிந்திருக்கின்றன. அச்செறிவு கணக்கில் ஏறவில்லை.

அதனை ஏற்ற வேண்டுமாயின், அந்தந்த இடத்தின் அடர்த்தியை அந்தந்த இடத்திலேயே கொண்டு, 1/ln t என்பதைத் தொடக்கம் முதல் x வரை தொகையீடு செய்தல் வேண்டும். காஸ் கைக்கொண்ட முறை இதுவே. இத்தொகையீட்டை li(x) என்று குறிப்பர். பத்து லட்சத்துக்கு இது தரும் விடை 78,628. உண்மையைவிட 130 மட்டுமே கூடுதல். நூறு கோடிக்குப் பிழை 1,701 மட்டுமே. ஐந்து கோடிக்கு மேற்பட்ட தொகையில் இது எத்துணைச் சிறிது என்பதை வாசகர் சீர்தூக்கிப் பார்க்கலாம். இத்தொகையீட்டை விரித்தெழுதினால், முதல் உறுப்பு x/ln x. இரண்டாவது அதனையே மீண்டும் ln x-ஆல் வகுத்தது. மூன்றாவது, இரண்டாவதை மீண்டும் ln x-ஆல் வகுத்து இரு மடங்காக்கியது. பத்து லட்சத்துக்கு முதல் உறுப்பு 72,382, இரண்டாவது 5,239, மூன்றாவது 758. மூன்றையும் கூட்டினால் ஏறத்தாழ 78,380 வருகிறது. நாம் முதலில் கண்ட 6,116 என்னும் குறைவில் பெரும்பகுதி இரண்டாம் உறுப்பைக் கைவிட்டதால் நேர்ந்ததே என்பது இதனால் விளங்கும்.

ஆகவே x/ln x-இன் குறைவு, விகிதக் கணக்கில் ஏறக்குறைய 1/ln x என்னும் அளவினது. மடக்கையோ மிகமிக மெதுவாக வளர்வது. இக்குறைவு நூற்றுக்கு ஒன்றாக வேண்டுமாயின் ln x நூற்றுக்குச் சற்று மேற்பட வேண்டும். அதற்கு x என்பது, 1-க்குப் பின் ஏறக்குறைய 44 சுழிகள் கொண்ட எண்ணாதல் வேண்டும். அத்தகைய எல்லை வரை பகா எண்களை எண்ணியவர் எவருமில்லை. எண்ணிக் கண்ட எல்லைகள் எவற்றிலும் இந்த ஈவு நூற்றுக்கு ஒன்று என்னும் நுட்பத்தை எட்டியதில்லை என்பதே இதன் பொருள்.

மடக்கையிலிருந்து ஓர் எண்ணைக் கழிக்கும் லெஜாந்தரின் எண்ணம் இங்கேதான் பொருள் பெறுகிறது. x/ln x-உடன் அதன் 1/ln x பங்கைக் கூட்டுவதும், வகுக்கும் மடக்கையில் 1-ஐக் கழிப்பதும் ஏறக்குறைய ஒன்றே. x/(ln x − 1) என்னும் சூத்திரம் பத்து லட்சத்துக்கு 78,030 தருகிறது. 6,116 என்றிருந்த பிழை 468 ஆகச் சுருங்குகிறது. லெஜாந்தரின் 1.08366-ஐக் கழித்தாலோ 78,543 வருகிறது. பிழை 45 மட்டுமே. இதனைக் காண்போர் லெஜாந்தரின் எண்ணே மெய்யான எண் என்று நம்பியதில் வியப்பில்லை. ஆனால் எந்த எண்ணைக் கழித்தால் விடை மிகச் சரியாக வரும் என்பதை ஒவ்வோர் எல்லைக்கும் தனித்தனியே கணக்கிட்டுப் பார்த்தால் உண்மை வெளிப்படுகிறது. ஒரு லட்சத்துக்கு அது 1.0876, பத்து லட்சத்துக்கு 1.0763, நூறு கோடிக்கு 1.0566, லட்சம் கோடிக்கு 1.0409. அது மாறிலியே அன்று. மெல்லச் சரிந்து 1-ஐ நோக்கிச் செல்வது. லெஜாந்தரின் கைக்கு எட்டிய அட்டவணைகளின் எல்லைக்குள் அது 1.08-ஐ ஒட்டியே உலவியதால் அவர் அதனை நிலையானதெனக் கொண்டார். நூறு கோடியில் அவருடைய சூத்திரத்தின் பிழை 69,985. தொகையீட்டின் பிழையைப் போல் நாற்பது மடங்குக்கு மேல். அட்டவணையைப் பார்த்துப் பொருத்திய எண்ணுக்கும், காரணத்திலிருந்து பிறந்த எண்ணுக்கும் உள்ள வேற்றுமை எல்லையைத் தாண்டியவுடன் வெளியாகிவிடுகிறது. கழிக்க வேண்டிய எண் ஒரு மாறிலியை அணுகுமாயின் அம்மாறிலி 1 தான் என்று செபிஷேவ் முன்னரே காட்டியிருந்தார்.

இவ்வரலாற்றில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. சென்னைத் துறைமுகக் கழகத்தில் கணக்குப் பிரிவில் எழுத்தராக இருந்த ராமானுஜன், 1913 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய முதற்கடிதத்திலேயே இவ்வினாவை எடுத்துக்கொண்டார். ஹார்டியின் சிறு நூல் ஒன்றில், பகா எண்களின் தொகைக்குத் திட்டமான கோவை இன்னும் காணப்படவில்லை என்ற கருத்தைப் படித்த அவர், பிழை புறக்கணிக்கத்தக்க அளவினதான ஒரு கோவையைத் தாம் கண்டிருப்பதாகத் தெரிவித்தார். அவருடைய கோவை, ரீமன் தொகையீட்டைத் திருத்தி அமைத்த சார்போடு சாராம்சத்தில் ஒத்தது. அது நூறு கோடிக்குத் தரும் விடையின் பிழை 79 மட்டுமே. எவருடைய துணையுமின்றி, கலப்பெண் சார்புகளின் கோட்பாட்டை அறியாமலே, ஒருவர் இவ்விடத்தை எட்டினார் என்பது பெருமிதம் கொள்ளத்தக்கது. எனினும் பிழை எக்காலத்தும் சிறிதாகவே இருக்கும் என்று அவர் கொண்டது பொருந்தவில்லை. ஜீட்டா சார்புக்குக் கலப்பெண் சுழிகளே இல்லையெனில் அவர் கோட்பாடு மெய்யாகியிருக்கும் என்பது ஹார்டியின் தீர்ப்பு. அச்சுழிகள் உள்ளன, அவை எழுப்பும் அலைகள் எல்லை வளர வளரப் பெருகுகின்றன.

அவ்வலைகளின் வலிமையை 1914-இல் லிட்டில்வுட் நிலைநாட்டினார். எண்ணிப் பார்த்த எல்லைகள் அனைத்திலும் li(x) உண்மையினும் மிகுந்தே நிற்கிறது. ஆதலின் எப்போதும் அப்படியே என்று நம்புவது இயல்பு. ஆனால் இரண்டும் முடிவில்லாத முறைகள் ஒன்றையொன்று முந்திச் செல்கின்றன என்று அவர் நிறுவினார். முதல் முறை முந்துவது எங்கே என்பதற்கு அவருடைய மாணவர் ஸ்கூஸ் 1933-இல், ரீமன் கருதுகோளை மெய்யெனக் கொண்டு, கற்பனைக்கும் எட்டாத ஒரு மேல்வரம்பு கூறினார். பிற்காலக் கணக்குகள் அவ்வரம்பை 1-க்குப் பின் ஏறக்குறைய 316 சுழிகள் கொண்ட எண்களின் அருகே கொண்டுவந்திருக்கின்றன. லெஜாந்தரின் மாறிலியைப் போலவே, இங்கும் அட்டவணை எவ்வளவு நீண்டிருந்தும் அது காட்டிய போக்கு நிலையான போக்கன்று.

இத்தனை குறைகளோடும் x/ln x-க்குப் பயன் உண்டா என்று கேட்கலாம். நூறு இலக்கங்கள் கொண்ட ஒரு பகா எண்ணைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்று கொள்வோம். இரகசியச் செய்திகளைக் காக்கும் இக்காலக் குறியீட்டு முறைகளில் இத்தகைய தேவை நாள்தோறும் எழுகிறது. 1-க்குப் பின் நூறு சுழிகள் கொண்ட எண்ணின் இயல் மடக்கை 230.26. ஆகவே அப்பகுதியில் சராசரியாக 230 எண்களுக்கு ஒரு பகா எண் உண்டு. இரட்டை எண்களையும் 5-இல் முடிவனவற்றையும் ஒதுக்கி, 1, 3, 7, 9 ஆகியவற்றில் முடியும் எண்களை மட்டும் மனம்போல் தேர்ந்து சோதித்தால், சராசரியாக 92 எண்களுக்கு ஒன்று பகா எண்ணாக அமையும். தேடுபவர்க்கு வேண்டியது நூற்றுக்கணக்கா, கோடிக்கணக்கா என்னும் மதிப்பீடே. இங்கே நூற்றில் ஒரு பங்கின் பிழையால் யாதொரு நஷ்டமும் இல்லை. ஆயிரம் எண்களைச் சோதித்தும் ஒன்றும் அகப்படவில்லையாயின், சோதனை முறையில்தான் கோளாறு இருக்கிறது என்று துணிந்து சொல்லவும் இவ்விதியே ஆதாரமாகிறது.

தொகையையே அறிய விரும்புவோர்க்கு நிலைமை வேறு. 1-க்குப் பின் 24 சுழிகள் கொண்ட எல்லை வரையுள்ள பகா எண்களின் தொகை கணிப்பொறிகளின் துணையால் மிகத் துல்லியமாக அறியப்பட்டிருக்கிறது. அங்கும்கூட x/ln x-இன் குறைவு நூற்றுக்கு 1.8; தொகையீட்டின் மிகுதியோ ஏறக்குறைய 1,715 கோடி. இது பெரிய எண்ணாகத் தோன்றினும், 23 இலக்கங்கள் கொண்ட மொத்தத் தொகையின் முதல் பன்னிரண்டு இலக்கங்களை அது தீண்டுவதில்லை. ஆதலின் பாடநூல் எழுதுவோரையும் கற்பிப்போரையும் வேண்டிக்கொள்வது இது: பகா எண் தேற்றத்தைக் கூறுமிடத்து x/ln x-ஐ மட்டும் எழுதி நிறுத்திவிடாமல், அதனருகே x/(ln x − 1)-ஐயும் எழுதி, பத்து லட்சத்துக்கு இரண்டையும் மாணவர்கள் தம் கையாலேயே வகுத்துப் பார்க்கும்படி செய்யுங்கள்.